எருமையைச் சொல்லி அவனைச் சொல்வது: அகப்பாட்டில் உள்ளுறையைக் கண்டுபிடிக்கும் வழி

கேள்வி: "குறுந்தொகையும் அகநானூறும் உரையோடு படித்துக்கொண்டிருக்கிறேன். குரங்கு, மீன், எருமை என்று ஏதாவது வரும்போதெல்லாம் உரையில் 'இதில் உள்ளுறை இது' என்று போட்டிருக்கிறார்கள். போல, அன்ன என்று ஒரு சொல்லும் பாட்டில் இல்லை. உரை இல்லாமல் நானாகப் படித்தால் அங்கே ஓர் உவமை ஒளிந்திருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? இல்லாததை நானே கற்பித்துக்கொள்ளவில்லை என்று எப்படி உறுதி செய்துகொள்வது?"

பதில்:

முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் தேடுவது பெரும்பாலும் தலைவனைக் குறிக்கும் பெயருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். அகப்பாட்டில் தலைவனுக்கு இயற்பெயர் கிடையாது. நிலத்தை வைத்துத்தான் அவனைச் சொல்வார்கள். மருதத்தில் ஊரன், மகிழ்நன். குறிஞ்சியில் நாடன், வெற்பன். நெய்தலில் சேர்ப்பன், துறைவன், புலம்பன். நேரே விளித்தால் ஊர, நாட, சேர்ப்ப என்று வரும். அந்தச் சொல்லில் விரலை வைத்துக்கொண்டு பின்னோக்கிப் படியுங்கள். 'சுற்றும் ஊரன்', 'உருட்டும் நாடன்' என்று ஒரு பெயரெச்சம் அதன்மேல் வந்து முடியும். அந்த எச்சம் தொடங்கும் இடத்திலிருந்து பெயர்வரை உள்ள அடிகளைத் தனியே எடுத்து வைத்தால், உள்ளுறை இருக்கும் பட்சத்தில் அநேகமாக அதற்குள்தான் இருக்கும்.

ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் பாடிய இந்தச் சின்னப் பாட்டைப் பாருங்கள்:

மனைநடு வயலை வேழம் சுற்றும்
துறைகேழ் ஊரன் கொடுமை நாணி
நல்லன் என்றும் யாமே
அல்லன் என்னும்என் தடமென் தோளே

வீட்டில் நட்டு வளர்த்த வயலைக் கொடி வெளியே போய் வேழத்தைச் சுற்றிக்கொள்கிற ஊர் அவனுடையது. வேழம் என்பது நீரோரம் தானாக மண்டி வளரும் நாணல் இனம். தலைவி சொல்கிறாள்: அவன் கொடுமையை வெளியே சொல்ல வெட்கப்பட்டு நான் 'நல்லவன்' என்கிறேன், என் தோள்தான் 'இல்லை' என்கிறது. தோள் மெலிந்து அவனைக் காட்டிக்கொடுக்கிறதாம்.

என்ன கொடுமை என்று பாட்டில் எங்குமே இல்லை. அதுதான் கவனிக்க வேண்டிய இடம். கொடுமை என்ற சொல் இருக்கிறது, அது என்ன என்ற விவரம் இல்லை. முதலடியில் விவரம் இருக்கிறது, ஆனால் அது கொடியைப் பற்றியது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பொருந்திக்கொள்கின்றன. மனையில் வேரூன்றியவன் மனைக்குப் புறத்தே போய்ப் படர்கிறான். 'மனைநடு' என்று புலவர் சொன்னது சும்மா இல்லை. வயலை என்று மட்டும் சொல்லியிருந்தால் பாதிப் பொருள் போயிருக்கும்.

இப்படிப்பட்டதைத்தான் தொல்காப்பியம் உள்ளுறை உவமம் என்கிறது. 'உள்ளுறுத்து இதனோடு ஒத்துப்பொருள் முடிகென' என்பது அதன் சொல். அதாவது, நான் சொல்லும் இந்தக் காட்சியோடு ஒத்து என் மனத்திலுள்ள பொருளும் முடியட்டும் என்று உள்ளே வைத்துச் சொல்வது. அடுத்த நூற்பாவில் வெளிப்படையான உவமையைப் பற்றி 'ஏனை உவமம் தானுணர் வகைத்தே' என்று ஒரே அடியில் முடித்துவிடுகிறார். அது தானாகவே விளங்கும் என்று விட்டுவிட்டார்.

சரி, இடம் கிடைத்துவிட்டது. அடுத்து, யார் பேசுவது என்று பார்க்க வேண்டும். இதை விட்டுவிட்டு உள்ளுறை பார்க்கப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். ஒரே காட்சி பேசும் ஆள் மாறினால் பொருளும் மாறிவிடும். குறுந்தொகை எட்டாம் பாட்டு, ஆலங்குடி வங்கனார் பாடியது:

கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்மிற் பெருமொழி கூறித் தம்மில்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே

வயலோரத்து மாமரத்தில் பழுத்துத் தானே விழும் பழத்தை, கீழே நீரிலிருக்கும் வாளை மீன் கவ்விக்கொள்கிற ஊர். அந்த ஊர்க்காரன் எங்கள் வீட்டில் பெரிய பேச்சுப் பேசிவிட்டு, தன் வீட்டுக்குப் போனதும் கண்ணாடிப் பிம்பம்போல், எதிரில் நிற்பவர் கையைத் தூக்கினால் கையைத் தூக்கி, காலைத் தூக்கினால் காலைத் தூக்கி, தன் மகனைப் பெற்றவளுக்கு வேண்டியதெல்லாம் செய்கிறான்.

இந்தப் பாட்டில் இரண்டு வகை உவமையும் இருக்கின்றன. 'ஆடிப் பாவை போல' என்பது வெளிப்படை; யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். மீனும் மாம்பழமும் உள்ளே இருப்பது. இப்போது பேசுபவர் யார்? 'எம்மில்', 'தம்மில்', 'தன் புதல்வன் தாய்' என்ற மூன்று சொற்களே காட்டிவிடுகின்றன. மனைவியாக இருந்தால் தன்னைத் 'தன் புதல்வன் தாய்' என்று படர்க்கையில் வைத்துக் குத்திப் பேச மாட்டாள். பேசுபவள் பரத்தை. தலைவி தன்னைப் பழித்துப் பேசினாள் என்று கேள்விப்பட்டு, தலைவிக்கு வேண்டியவர்கள் காதில் விழும்படி அவள் சொன்னது என்று பாட்டின் கீழே உள்ள கூற்றுக் குறிப்பும் சொல்கிறது.

பேசுபவள் பரத்தை என்று தெரிந்த பிறகு காட்சிக்குத் திரும்புங்கள். வாளை மரமேறிப் பழம் பறிக்கவில்லை. துள்ளிக்கூடப் பிடிக்கவில்லை. பழம் கனிந்து தானே விழுந்தது, அது இருந்த இடத்திலேயே இருந்து கவ்வியது. 'நான் அவனை மயக்கி இழுத்தேன் என்றா சொல்கிறாய்? அவனாகத்தான் வந்து விழுந்தான்' என்பது அவள் சொல்லாமல் சொன்ன பதில். பழி வந்தது அவள்மேல், அதற்கு அவள் தரும் விடை முதல் இரண்டு அடியில் இருக்கிறது. இதே இரண்டு அடியைத் தலைவி சொல்லியிருந்தால் என்று ஒரு நிமிடம் கற்பனை செய்து பாருங்கள். கழனிக்கு உரியவர் உண்ண வேண்டிய பழத்தை வழியில் நின்று கவ்விக்கொண்ட மீனின் பேராசைதான் முன்னால் தெரியும். அடி ஒன்றே, வழக்கு இரண்டு.

கூற்றுக் குறிப்புகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவை பாடிய புலவர் எழுதியவை என்று எண்ண வேண்டாம். பிற்காலத்தார் சேர்த்தவை என்பதே பரவலான கருத்து. பெரும்பாலும் நம்பலாம். ஆனால் குறிப்பைப் பார்ப்பதற்கு முன் பாட்டிலுள்ள எம், நம், அவன், நீ போன்ற சொற்களை வைத்துப் பேசுபவரையும் கேட்பவரையும் நீங்களே கண்டுபிடித்துப் பாருங்கள். உள்ளுறை படிப்பதில் பாதி வேலை அதுதான்.

இனி ஒரு பெரிய பாட்டு. அகநானூறு நாற்பத்தாறு, அள்ளூர் நன்முல்லையார் பாடியது. பரத்தையிடம் போய்விட்டுத் திரும்பிவந்து வாசலில் நிற்கும் தலைவனை உள்ளே விட மறுத்துத் தோழி பேசுகிறாள். தொடக்கம் இப்படி:

சேற்றுநிலை முனைஇய செங்கட் காரான்
ஊர்மடி கங்குலில் நோன்தளை பரிந்து
கூர்முள் வேலி கோட்டின் நீக்கி
நீர்முதிர் பழனத்து மீன்உடன் இரிய
அந்தூம்பு வள்ளை மயக்கித் தாமரை
வண்டூது பனிமலர் ஆரும் ஊர

'ஊர' என்று விளி வந்துவிட்டது. அதற்கு முன் ஆறு அடியும் ஒரே எருமைதான். தொழுவத்துச் சேற்றில் நின்று வெறுத்துப்போன சிவந்த கண் எருமை, ஊரே உறங்கும் நள்ளிரவில் வலுவான கயிற்றை அறுத்துக்கொண்டு, கூர்மையான முள்வேலியைக் கொம்பால் தள்ளி, நீர் நிறைந்த வயலுக்குள் இறங்குகிறது. மீனெல்லாம் சிதறி ஓடுகின்றன. வள்ளைக் கொடிகளைக் குழப்பிவிட்டு, வண்டு மொய்க்கும் தாமரைப் பூவைத் தின்கிறது.

இங்கே நான் செய்வது, பெயர்ச்சொற்களை விட்டுவிட்டு வினைகளை மட்டும் வரிசையாக எடுப்பது: முனைந்து (வெறுத்து), பரிந்து (அறுத்து), நீக்கி, இரிய, மயக்கி, ஆரும். ஆறு வினை. இந்த வரிசையில் ஒரு கதை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்த இடம் சலித்தது, கட்டை அறுத்தது, காவலைத் தள்ளியது, போகிற வழியில் பலரைக் கலங்கடித்தது, கடைசியில் தின்றது. தலைவன் செய்ததும் இதுவேதான். தொல்காப்பியர் இந்த வகை ஒப்புமை வினை, பயன், உறுப்பு, உருவம், பிறப்பு என்ற ஐந்து வழியில் வரும் என்கிறார். என் அனுபவத்தில் பெரும்பாலான பாட்டில் கதவைத் திறப்பது வினைதான். உருவத்தில் எருமைக்கும் தலைவனுக்கும் என்ன ஒற்றுமை என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது.

வினை பொருந்திய பிறகு பெயர்களுக்குப் போகலாம். சேற்றுநிலை என்பது அவனுக்குச் சலித்துப்போன வீடு. இதில் ஒரு நுட்பம் இருப்பதாக எனக்குப் படுகிறது. தொழுவம் சேறானது எருமை நின்று மிதித்ததால். வீடு கசந்தது என்றால் கசப்பாக்கியது யார் என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது. தளை இல்லறக் கட்டு. 'நோன்' தளை, அதாவது வலுவானது. அறுந்தது கட்டின் பலவீனத்தால் என்று அவன் சொல்லிக்கொள்ள முடியாது. 'ஊர்மடி கங்குல்' என்பது யாரும் பார்க்கவில்லை என்று அவன் நினைத்துக்கொண்ட நேரம். தாமரை பரத்தை. அதற்கு 'வண்டூது' என்று ஒரு அடைமொழி: நீ போய்ச் சேர்ந்த பூவில் ஏற்கனவே வண்டுகள் இருந்தன. நான்கெழுத்தில் பரத்தைக்கும் ஒரு குத்து, அவனுக்கும் ஒரு குத்து.

மீனும் வள்ளையும் யார்? இங்கேதான் நிதானம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளைப் பொருத்தி, பரத்தையின் தோழியர், தாய், காவலர் என்று பட்டியல் போடுகிற வழக்கம் உண்டு. பொருந்தவும் செய்யும். ஆனால் பாட்டுக்குள்ளிருந்து அதற்கு ஆதாரம் காட்ட முடியாது. நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். எருமைக்கு மீனோடு பகை இல்லை, வள்ளையும் அதற்கு வேண்டாம். போகிற போக்கில் கலங்கின, சிக்கின. அவன் ஆசைக்கு நடுவில் அகப்பட்டுக் கலங்கியவர்கள் என்று நிறுத்திக்கொண்டால் போதும். வினை தெளிவாக இருக்கிறது, ஆள் தெளிவாக இல்லை என்றால் வினையோடு நிற்பதுதான் நல்லது.

இது கற்பனையில்லை என்று எப்படி உறுதி செய்வது என்று கேட்டீர்கள். உள்ளுறைப் பகுதியை மூடிவைத்துவிட்டு மீதிப் பாட்டைப் படியுங்கள். 'யாரையோ நிற் புலக்கேம்' என்று தொடர்கிறாள்: உன்னோடு ஊட நீ எங்களுக்கு யார்? நீ வேறொருத்தியை மணந்ததாக ஊர் சொல்கிறது, 'அஃதியாம் கூறேம்', அதை நாங்கள் சொல்லவில்லை என்கிறாள். கடைசியில்:

சென்றீ பெரும நிற் தகைக்குநர் யாரே

போய்வா பெருமானே, உன்னைத் தடுப்பவர் யார் இருக்கிறார்கள்?

இப்போது மூடியதைத் திறந்து பாருங்கள். 'நாங்கள் சொல்லவில்லை' என்றவள் ஆறு அடியில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள். தடுப்பவர் யார் என்ற கேள்வியின் முழு வீச்சும் அறுந்த கயிற்றையும் தள்ளிய வேலியையும் பார்த்த பிறகுதான் தெரிகிறது. கயிறு தடுக்கவில்லை, முள் தடுக்கவில்லை, நாங்களா தடுக்கப்போகிறோம்? உள்ளுறை உண்மையாக இருந்தால் மீதிப் பாட்டில் எங்காவது ஒரு சொல் அதைத் திரும்பத் தொடும். இந்தப் பாட்டில் 'தகைக்குநர்' தொடுகிறது. வயலைப் பாட்டில் 'கொடுமை' தொட்டது. வாளைப் பாட்டில் 'எம்மில்', 'தம்மில்' என்ற இரண்டு வீட்டுக் கணக்கு தொட்டது. தொடுகிற சொல் ஒன்றுமே கிடைக்காவிட்டால் உங்கள் பொருத்தத்தைச் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று, தலைவனை நேரில் வைத்துக்கொண்டு 'எருமையே' என்று தோழி சொல்ல முடியாது. 'பெரும' என்றுதான் கூப்பிட வேண்டும், கூப்பிடவும் செய்கிறாள். பேசுபவருக்குச் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது அதனால் பயன்படும். தலைவியை வெட்கம் தடுக்கிறது. தோழியை மரியாதை தடுக்கிறது. பரத்தைக்கோ நேரே சண்டைக்குப் போக இடமில்லை. வாயடைத்த அந்த இடத்தில்தான் காட்சி பேசத் தொடங்கும். தொல்காப்பியரும் ஆளுக்கு ஓர் எல்லை வைக்கிறார். தலைவி சொன்னால் அவள் அறிந்த பொருளாக இருக்க வேண்டும். தோழி சொன்னால் 'நிலம் பெயர்ந்து உரையாது', தன் நிலத்தை விட்டு வெளியே போய்ப் பொருள் தேடக் கூடாது. மருதத்துத் தோழிக்கு எருமை, கயிறு, வேலி எல்லாம் தினமும் கண்ணில் படுபவை. அவள் வாயில் கடற்சுறா வராது. இன்னோர் எல்லையும் உண்டு: கருப்பொருளில் தெய்வத்தை விட்டு மற்றவற்றையே உள்ளுறைக்கு நிலமாகக் கொள்வார்கள். அதனால் முருகனோ வேறு கடவுளோ காட்சியில் வந்தால் அதைத் தலைவனுக்கு உள்ளுறையாக்க முயல வேண்டாம்.

உள்ளுறையில் காட்சி எப்போதும் தலைவன் செயலின் நகலாகவே இருக்கும் என்றும் எண்ணிவிடாதீர்கள். சில நேரம் காட்சி ஒன்றைக் காட்டும், நிலைமை அதற்கு நேர்மாறாக இருக்கும். குறுந்தொகை பதினெட்டில் கபிலர் செய்திருப்பது அது:

வேரல் வேலி வேர்க்கோட் பலவின்
சாரல் நாட செவ்வியை ஆகுமதி
யாரஃது அறிந்திசி னோரே சாரல்
சிறுகோட்டுப் பெரும்பழம் தூங்கி யாங்கிவள்
உயிர்தவச் சிறிது காமமோ பெரிதே

இரவில் இரகசியமாக வந்து போகும் தலைவனிடம், காலம் பார்த்துச் சீக்கிரம் மணந்துகொள் என்று தோழி சொல்வது. 'சிறிய கிளையில் பெரிய பழம் தொங்கினாற்போல இவள் உயிர் சிறியது, காமம் பெரியது' என்ற உவமை எல்லாருக்கும் தெரியும். 'ஆங்கு' என்ற உருபு வெளிப்படையாக இருப்பதால் நம் கவனம் முழுதும் அங்கேயே போய்விடுகிறது. முதலடியைப் படிக்காமலே தாண்டிவிடுகிறோம். விதிப்படி 'நாட' என்ற விளிக்கு முன்னால் பாருங்கள். இங்கே பெயரெச்சம்கூட இல்லை, பெயர்களின் அடுக்குதான். உன் மலையில் பலா வேரிலேயே காய்க்கிறது; மண் தாங்கிக்கொள்ளும். சுற்றிலும் மூங்கில் வேலியாக நிற்கிறது. கீழே விழும் பயமும் இல்லை, யாரும் தொடும் பயமும் இல்லை. இவள் பக்கத்துப் பழமோ சிறு கொம்பில் ஆடுகிறது. இரண்டு பலாவையும் ஒரே பாட்டில் வைத்ததே அந்த வேறுபாட்டைக் காட்டத்தான். உன் நாட்டுப் பழத்துக்கு இருக்கிற தாங்கலும் வேலியும் இவளுக்கு எப்போது என்பது கேள்வி. விடை கல்யாணம். வெளிப்படை உவமை ஒன்று பளிச்சென்று இருந்தால், அதன் வெளிச்சத்தில் மறைந்துபோன இன்னொன்று பக்கத்தில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம், எல்லா இயற்கைக் காட்சியும் உள்ளுறை ஆகுமா? ஆகாது. மிக நெருக்கமாக வந்து ஏமாற்றுவது இறைச்சி, அதாவது ஒப்புமை இல்லாமல் காட்சியின் புறத்தே குறிப்பாகத் தோன்றும் பொருள். பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகைப் பாட்டு:

நசைபெரிது உடையர் நல்கலும் நல்குவர்
பிடிபசி களைஇய பெருங்கை வேழம்
மென்சினை யாஅம் பொளிக்கும்
அன்பின தோழி அவர்சென்ற ஆறே

பொருள் தேடிப் போனவன் திரும்புவானா என்று தவிக்கும் தலைவிக்குத் தோழி ஆறுதல் சொல்கிறாள். அவர் போன வழியில், பெண்யானையின் பசி தீர்க்க ஆண்யானை யா மரத்தின் பட்டையை உரித்துக் கொடுக்கும். இங்கே 'யானை தலைவன், பிடி தலைவி' என்று போடக் கை துறுதுறுக்கும். ஆனால் அடுத்த படியில் நின்றுவிடுவீர்கள். யானை பிடியின் பக்கத்தில் இருக்கிறது, தலைவன் தலைவியின் பக்கத்தில் இல்லை. யா மரம் யார்? பட்டை எது? பொருத்தம் உடைகிறது. ஏனென்றால் இந்தக் காட்சி தலைவனுக்கு உருவகமாக நிற்கவில்லை. அவன் கண்ணெதிரே நடக்கப்போகும் ஒன்றாக நிற்கிறது. அதை அவன் பார்ப்பான், உன்னை நினைப்பான், திரும்புவான். பொருள் ஒப்புமையிலிருந்து பிறக்கவில்லை, காட்சி அவன் மனத்தில் செய்யப்போகும் வேலையிலிருந்து பிறக்கிறது. 'அன்புறு தகுந இறைச்சியுட் சுட்டலும் வன்புறை ஆகும்' என்று தொல்காப்பியம் சொல்வது சரியாக இப்படிப்பட்ட இடத்துக்குத்தான். 'அவர் சென்ற ஆறே' என்ற முடிவையும் கவனியுங்கள்: அடைமொழி தலைவன் பெயர்மேல் விழவில்லை, வழியின்மேல் விழுகிறது.

கலித்தொகையில் இன்னொரு வகை உண்டு. சூளுரைத்துவிட்டுப் பொய்த்தவனின் மலையில் அருவி இன்னும் ஒளிர்கிறதே என்று பெண்கள் பாடுகிறார்கள். அருவி எதற்கும் உவமை கிடையாது. பொய் சொன்னவன் மலை வறண்டு போயிருக்க வேண்டாமா, எப்படி இன்னும் நீர் ஓடுகிறது என்ற வியப்பும் வருத்தமும்தான் அதன் புறத்தே தோன்றுகிற பொருள். நச்சினார்க்கினியர் இதை இறைச்சிக்கு எடுத்துக்காட்டாகத் தருகிறார். ஆக, ஒன்றுக்கொன்று பொருத்தினால் கடைசிவரை நிற்கிறதா, நடுவில் உடைகிறதா என்பதே இரண்டையும் பிரிக்க நான் வைத்திருக்கும் சோதனை. எல்லா உரையாசிரியரும் ஒரே கோட்டில் இதைப் பிரிக்கவில்லை. ஒருவர் உள்ளுறை என்றதை இன்னொருவர் இறைச்சி என்பது உண்டு. இரண்டு உரையைப் பக்கத்தில் வைத்துப் படித்துக் குழம்பினால் உங்கள்மேல் தவறில்லை.

குறளில் வரும் 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' போன்றவற்றையும் இதோடு சேர்த்துவிடாதீர்கள். மயிலிறகானாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று முழுக் குறளும் வண்டியைப் பற்றியே பேசும். வலியறிதல் என்ற அதிகாரத்தில் இருப்பதால் நாம் அரசனுக்குப் பொருத்திக்கொள்கிறோம். அது பிறிதுமொழிதல், தண்டியலங்காரம் ஒட்டு என்று சொல்வது. அங்கே அதிகாரத் தலைப்பு வழிகாட்டும். அகப்பாட்டில் வழிகாட்டுவது பேசும் ஆளும் சந்தர்ப்பமும்.

சந்தேகத்துக்கு இடமானவையும் நிறைய உண்டு. 'நிலத்தினும் பெரிதே' என்று தொடங்கும் குறுந்தொகை மூன்றாம் பாட்டில் 'கருங்கோற் குறிஞ்சிப்பூக் கொண்டு பெருந்தேன் இழைக்கும் நாடன்' என்று வருகிறது. இடம் சரி: நாடனுக்கு முன்னால் பெயரெச்சம். தேன் இனிமை, காதலும் இனிமை என்ற அளவில் ஒத்தும் போகிறது. உள்ளுறையில் இனிய பேச்சும் வரும், கசந்த பேச்சும் வரும் என்று தொல்காப்பியரே சொல்லியிருக்கிறார். ஆனால் வண்டு யார், பூ யார், கருங்கோல் எது என்று மேலே போனால் எதையும் நிறுவ முடியாது. பூப்பூவாகத் திரட்டிய தேன்போல நட்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வளர்ந்தது என்ற அளவோடு நான் நிறுத்திக்கொள்வேன்.

உரையைப் பார்க்காமல் முயன்றுபார்க்க ஒரு பாட்டுத் தருகிறேன். குறுந்தொகை முப்பத்தெட்டு, கபிலர்:

கான மஞ்ஞை அறைஈன் முட்டை
வெயிலாடு முசுவின் குருளை உருட்டும்
குன்ற நாடன் கேண்மை என்றும்
நன்றுமன் வாழி தோழி உண்கண்
நீரொடு ஒராங்குத் தணப்ப
உள்ளாது ஆற்றல் வல்லு வோர்க்கே

மயில் பாறைமேல் இட்ட முட்டையை, வெயிலில் விளையாடும் குரங்குக் குட்டி உருட்டுகிற மலைநாட்டவன் அவன். பிரிவில் தலைவி தோழியிடம் சொல்கிறாள்: கண்ணில் நீரோடு நிற்கும்படி அவன் பிரிந்து போனாலும், நினைக்காமல் தாங்கிக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு அவன் நட்பு நல்லதுதான். வினை 'உருட்டும்'. குட்டிக்கு முட்டைமேல் பகை ஒன்றுமில்லை, அதற்கு அது விளையாட்டு. முட்டை உடைந்தால் என்ன போகும் என்று அதற்குத் தெரியாது, மயிலுக்குத் தெரியும். 'அறைஈன்' என்பதைத் தாண்டிவிடாதீர்கள், முட்டை கிடப்பது கல்லின்மேல். மீதிப் பாட்டில் இதைத் தொடும் சொல் 'வல்லுவோர்க்கே' என்று எனக்குத் தோன்றுகிறது. தாங்க வல்லவர்களுக்கு நல்லது என்றால் இவள் அந்த வகையில்லை, இவளிடம் இருப்பது ஓட்டுக்குள் இருக்கும் ஒன்று. முட்டை தலைவியா, அவள் காதலா, அவன் கொடுத்த வாக்கா என்பதை நீங்கள் முடிவு செய்துவிட்டு உ.வே.சாமிநாதையர் பதிப்பில் இந்தப் பாட்டின் விசேடவுரையைப் பாருங்கள். அவர் பதவுரையைத் தனியாகவும் இப்படிப்பட்ட குறிப்புகளை விசேடவுரையில் தனியாகவும் வைத்திருப்பதால், பாட்டின் பொருளை மட்டும் முதலில் படித்துக்கொண்டு உள்ளுறையை மூடிவைக்க வசதியாக இருக்கும்.